இரண்டாம் பயணத்துக்கான பை

பொட்டிக் நடத்துகிறவர்கள் பை அடிக்கக் கொடுக்கும்போது கடையிலிருந்து வீடு வரையிலான பயணத்தைத்தான் பெரும்பாலும் நினைத்துக்கொள்கிறார்கள். வாடிக்கையாளர் புடவை வாங்குவார், பையோடு வெளியே வருவார், தெருவில் நாலு பேர் கடைப் பெயரைப் பார்ப்பார்கள் என்பது கணக்கு. உண்மையில் அந்தப் பயணம் மிகச் சிறியது. கடை வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியிலோ காரின் பின்னிருக்கையிலோ பை போய்விடுகிறது. அப்புறம் நேராக வீடு.

பை விளம்பரமாவது அதற்குப் பிறகு. அடுத்த வாரம் அதே பெண் அலுவலகத்துக்குச் சாப்பாட்டு டப்பாவை அதில் வைத்து எடுத்துப் போகிறாரா? பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போகும்போது தோளில் மாட்டிக்கொள்கிறாரா? ஊருக்குப் போகும்போது மாற்றுத்துணி வைக்க அதைத் தேடுகிறாரா? அந்த இரண்டாவது, மூன்றாவது, இருபதாவது பயணங்களில்தான் பேருந்திலும் வரிசையிலும் காத்திருக்கும் கண்களுக்குப் பை படுகிறது. பையின் அளவு, பிடி, எழுத்து, நிறம் எல்லாவற்றையும் இந்த இரண்டாம் பயணத்தை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை ஒரு கடையை வைத்துப் பார்க்கலாம். கும்பகோணத்தில் பருத்திப் புடவைகளும் குர்த்திகளும் விற்கும் ஒரு சிறிய பொட்டிக் இருப்பதாகவும், அதன் பெயர் ‘பூந்தறி’ என்றும் வைத்துக்கொள்வோம். முதல் முறையாக 500 பைகள் அடிக்கப் போகிறார்கள்.

முதலில் துணி. விலை மலிவு, பளிச்சென்று இருக்கும், நிறமும் தேர்ந்தெடுக்கலாம் என்று ‘நான்-ஓவன்’ பையை யாராவது கட்டாயம் சிபாரிசு செய்வார்கள். பார்வைக்குத் துணி போலத் தெரிந்தாலும் அது பாலிபுரொப்பிலின் என்கிற பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டியது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் கைப்பைகளோடு இந்த நான்-ஓவன் பைகளும் இருக்கின்றன. பலருக்கு இது தெரியாது. கையில் கொடுக்கும் மாதிரி எதுவென்று சந்தேகம் வந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறுக்கு நெடுக்காக நூல் ஓடாமல், வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் அழுத்தியிருந்தால் அது நான்-ஓவன். ஒரு துண்டு வெட்டிக் கொளுத்தினால் பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். இது சுருங்கி உருகிக் கெட்டியான உருண்டையாக நிற்கும்.

காகிதப் பைக்குத் தடை இல்லை, அச்சும் அழகாக விழும். பட்டுப் புடவையைப் பெட்டியில் வைத்துப் பரிசாகக் கொடுக்க அது பொருத்தம்தான். ஆனால் மழையில் ஒருமுறை நனைந்தால் முடிந்தது. இருபது பயணம் அதற்குக் கிடையாது. நம் ஊர்க் கணக்குக்கு வெளுக்காத பருத்தி, அதாவது காடா துணிதான் சரி. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிய பிறகு துணிப்பையைக் கையில் எடுத்துப் போவதில் இருந்த கூச்சமும் பெரும்பாலும் போய்விட்டது. காடாவில் மெல்லியது எடுத்தால் பை நிற்காமல் தொங்கிப்போகும். அச்சுக்குப் பின்னால் இருக்கும் பொருளின் நிறமும் தெரியும். சதுர மீட்டருக்கு 180 கிராம் அளவில் உள்ள துணி கையில் நன்றாக நிற்கும்.

பூந்தறிக்கு 14 அங்குல அகலம், 16 அங்குல உயரம், பக்கவாட்டில் 4 அங்குல மடிப்பு என்று வைத்துக்கொள்வோம். மடித்த புடவை இரண்டு படுத்து உட்காரும், பின்னால் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் நிற்கும். அடுத்து வரும் கேள்விதான் பலரும் யோசிக்காத இடம்: பிடி எவ்வளவு நீளம்?

பிடியின் நீளம்தான் பை உடம்பில் எங்கே தொங்கும் என்பதை முடிவு செய்கிறது. எங்கே தொங்குகிறது என்பதுதான் எதைப் பார்க்க முடியும் என்பதை முடிவு செய்கிறது. ஐந்தடி இரண்டங்குலம் உயரமுள்ள ஒரு பெண் கையைத் தொங்கவிட்டு நின்றால் அவருடைய விரல் மூட்டு தரையிலிருந்து ஏறக்குறைய 27 அங்குல உயரத்தில் இருக்கும். 16 அங்குலப் பைக்குத் தோளில் மாட்டும் வசதிக்காக 11 அங்குலம் இறங்கும் பிடி வைத்தால் மொத்தம் 27. அதைக் கையில் பிடித்தால் பை தரையை உரசும். ஆக நீண்ட பிடி வைத்த பையைக் கையில் பிடித்து நடக்கவே முடியாது, தோளில்தான் போட வேண்டும். தோளில் போட்டால் பையின் மேல்பகுதி இடுப்புக்கு மேலே வந்து, முழங்கை அதன்மேல் படிந்துகொள்கிறது. பிடி இழுப்பதால் மேல் கால்வாசி சுருங்கியும் போகும். அந்த இடத்தில் கடைப் பெயர் இருந்தால் யாருக்கும் தெரியாது.

ஐந்து அங்குலம் மட்டும் இறங்கும் குட்டைப் பிடி என்றால் கதை வேறு. பை முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கும். கனமான பொருள் அடியில் உட்கார்ந்து கீழ்ப்பகுதி பிதுங்கி வளைந்துவிடும். நடுவிலிருந்து மேலே உள்ள பகுதிதான் தட்டையாகப் பார்வைக்குக் கிடைக்கும். பேருந்தில் மடியில் வைத்து அணைத்துக்கொண்டாலும் அந்த மேல்பகுதிதான் தெரியும்.

இரண்டில் எதை எடுப்பது? பேருந்திலும் இரு சக்கர வண்டியிலும் போகும் பெண்கள்தான் பூந்தறியின் வாடிக்கையாளர்கள். இரண்டு கையும் ஓய்வாக இருப்பது அவர்களுக்குப் பெரிய வசதி. தோளில் மாட்டும் நீண்ட பிடியைத்தான் நான் சொல்வேன். அதை எடுத்தால் பெயர் பையின் நடுவிலிருந்து சற்றுக் கீழே இறங்கியாக வேண்டும். கணினித் திரையில் அது கொஞ்சம் தாழ்ந்து, அழகு குறைந்து தெரியும். திரையில் அழகாக இருப்பதற்காக மேலே ஏற்றிவிடாதீர்கள். தோளில் ஏறியதும் அது சரியான இடத்துக்கு வந்துவிடும்.

பிடி எதனால் ஆனது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மெல்லிய கயிறு தோளை அறுக்கும். அறுக்கும் பையை மக்கள் மடித்து வேறொரு பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அதே துணியில் ஒன்றேகால் அங்குல அகலத்துக்குப் பட்டையாகத் தைத்து, பையோடு சேரும் இடத்தில் கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி போலத் தைக்கச் சொல்லுங்கள். மாதிரிப் பையில் ஐந்து கிலோ அரிசியை வைத்து ஒரு நாள் ஆணியில் மாட்டித் தொங்கவிட்டால் தையலின் யோக்கியதை தெரிந்துவிடும்.

பையைப் பார்க்கிறவர் எங்கிருந்து பார்க்கிறார் என்பது அடுத்த விஷயம். நடந்து போகும்போது பையின் அகன்ற முகம் சாலையின் ஓரத்தைப் பார்க்கிறது. எதிரில் வருகிறவருக்குத் தெரிவது நான்கு அங்குலப் பக்கவாட்டு மடிப்பு மட்டும்தான். அகன்ற முகம் இரண்டில் ஒன்று எப்போதும் உடம்போடு ஒட்டி மறைந்திருக்கும். ஆகவே பெயரை இரண்டு முகத்திலும் அடிக்க வேண்டும். அதே ஸ்கிரீனால் இன்னொரு முறை இழுப்பதுதான் வேலை. புதிய ஸ்கிரீன் செலவு இல்லை. ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் வாசகம் என்று பிரித்தால் பாதி நேரம் உங்கள் பெயர் அந்தப் பெண்ணின் துப்பட்டாவுக்கு மட்டும்தான் தெரியும்.

பக்கவாட்டு மடிப்பில் எதையும் எழுத வேண்டாம். அந்தப் பட்டையை மட்டும் நிறம் ஏற்றிய துணியில் தைக்கச் சொல்லலாம். உடல் முழுதும் காடா நிறம், பக்கமும் பிடியும் அரக்கு. எதிரில் வருபவருக்கு அரக்குப் பட்டை தெரிகிறது, பக்கத்தில் இருப்பவருக்குப் பெயர் தெரிகிறது. இரண்டு மூன்று முறை பார்த்த பிறகு தூரத்திலேயே அந்தப் பட்டையை வைத்துக் கடையை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். தெருவில் கண் முதலில் நிறத்தைத்தான் பிடிக்கிறது, எழுத்துக்கு அப்புறம்தான் வருகிறது. இந்த அரக்கை வருஷா வருஷம் மாற்றாமல் இருப்பது அவசியம்.

இனி எழுத்து. பெயர்ப்பலகை எழுதுகிறவர்களிடம் ஒரு பொதுக் கணக்கு உண்டு: ஓர் அங்குல உயர எழுத்து பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்க வரும். பேருந்து நிறுத்தத்திலும் பள்ளி வாசலிலும் பத்து முதல் பதினைந்து அடி என்பதுதான் இயல்பான தூரம். ஆகவே ஒன்றரை அங்குலம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துக்களுக்கானது. தமிழில் எழுத்தின் உடல் ஓர் உயரம், அதற்கு மேலே ஏறும் கொக்கியும் புள்ளியும், கீழே இறங்கும் காலும் வேறு. ‘பூந்தறி’யில் ‘பூ’ கீழே இறங்குகிறது, ‘றி’ மேலே ஏறுகிறது, ‘ந்’ தலையில் புள்ளி வைத்திருக்கிறது. ‘மொத்தம் ஒன்றரை அங்குலம்’ என்று வடிவமைப்பாளரிடம் சொன்னால் எழுத்தின் உடல் ஓர் அங்குலத்துக்கும் கீழே போய்விடும். ‘த’வின் மேல் உடல் ஒன்றரை அங்குலம் என்று சொல்ல வேண்டும்.

அகலத்திலும் ஒரு வரம்பு உண்டு. பை நிரம்பினால் ஓரங்கள் உருண்டு பின்னால் போய்விடும். 14 அங்குலத்தில் நடுவிலுள்ள ஒன்பது, பத்து அங்குலம்தான் நேராகத் தெரியும். நான்கு எழுத்துப் பெயரான பூந்தறி அதற்குள் சௌகரியமாக அடங்குகிறது. தாத்தா பெயர், அம்மன் பெயர், ‘சில்க்ஸ்’ எல்லாம் சேர்ந்த நீண்ட பெயர் என்றால் மக்கள் வாயில் எந்தச் சொல்லால் கடையை அழைக்கிறார்களோ அதைப் பெரிதாகவும் மற்றதைக் கீழே சிறிதாகவும் இரண்டு வரியில் அடிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வரியில் அடைத்தால் எதுவுமே படிக்க வராது.

துணியில் தமிழ் அடிக்கும்போது நிகழும் பெரிய விபத்து புள்ளியில்தான். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் வலைத் துணி வழியாக மையை அழுத்தித் தள்ளுகிறார்கள். காடா கரடுமுரடானது, மை நூல் வழியே கொஞ்சம் பரவும். மெல்லிய கோடு தடிக்கும், சிறிய துளை அடைபடும். ‘ற’, ‘ண’ போன்றவற்றின் உள் இடைவெளிகள் நிரம்பி எழுத்து கறையாகும். சிறிய புள்ளியோ ஒன்று மறைந்துபோகும், அல்லது பக்கத்துக் கொக்கியோடு ஒட்டிக்கொள்ளும். ‘பூந்தறி’ ‘பூநதறி’யாகி 500 பைகளிலும் ஊரைச் சுற்றும். உள் இடைவெளி அகலமான எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, புள்ளியை வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாக, எழுத்திலிருந்து கொஞ்சம் விலக்கி வரையச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர் போன்ற சிறிய வரிகளும் அரை அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் அழகாக இருக்கும் சுருள் எழுத்து, ஆங்கிலமானாலும் தமிழானாலும், பைக்கு ஆகாது.

நிறம் ஒன்றே போதும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், தனி இழுப்பு. இரண்டாவது நிறம் ஒரு நூல் நகர்ந்தாலும் எழுத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடு தெரியும். தண்ணீரில் கரைக்கும் நிறமி மைகள் ஓரளவு ஊடுருவித் தெரியக்கூடியவை என்பதால் துணியின் நிறமும் அவற்றோடு கலக்கும். மஞ்சள் துணியில் நீலம் அடித்தால் பச்சை சாயும். காடா நிறத்தில் அரக்கு, கரும்பச்சை, கறுப்பு போன்ற அழுத்தமான நிறங்கள் மட்டுமே தெருவில் நிற்கும். பொன் நிறமும் வெளிர் ரோஜாவும் கடை விளக்கில் ஜொலிக்கும், வெயிலில் காணாமல் போகும். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வடிவத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்து மங்கினால் நிறத்தை மாற்றுங்கள்.

என்ன எழுதுவது என்பதில்தான் கடைக்காரர் மனம் அதிகம் தடுமாறும். பெயர், முழு முகவரி, மூன்று தொலைபேசி எண், மின்னஞ்சல், ‘மணப்பெண் அலங்காரம், ஆரி ஒர்க், பிளவுஸ் தைத்துத் தரப்படும்’ என்ற பட்டியல். இதைப் படிக்கப் பத்தடி தள்ளி நிற்கிறவருக்கு நேரமில்லை. அதைவிட முக்கியமான காரணம், துண்டுப் பிரசுரம் போலிருக்கும் பையை அந்தப் பெண் அலுவலகத்துக்கு எடுத்துப் போக மாட்டார். வீட்டில் பழைய செய்தித்தாள் போட்டு வைக்கத்தான் அது பயன்படும்.

லண்டனில் டான்ட் புக்ஸ் என்ற புத்தகக்கடை இருக்கிறது. காடா போன்ற துணியில் ஒரே நிறத்தில் கடையின் படமும் பெயரும் அச்சிட்ட அதன் பை உலகெங்கும் தோள்களில் தென்படுகிறது. அதில் தள்ளுபடி அறிவிப்பு கிடையாது, விற்கும் பொருள்களின் பட்டியலும் கிடையாது. அழகாக இருக்கிறது, அதனால் மாட்டிக்கொள்கிறார்கள். பூந்தறிக்கும் ஒரு படம் வேண்டுமானால் தன் பெயரிலிருந்தே எடுக்கலாம்: தறியில் ஓடும் நாடா ஒன்று, தடித்த கோட்டில். மயிலும் தாமரையும் ஊரில் எல்லாக் கடையும் வைத்திருக்கின்றன.

பெயருக்குக் கீழே ஊர் கட்டாயம் வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். தஞ்சாவூர்ப் பேருந்தில் அந்தப் பையைப் பார்க்கும் ஒருத்திக்குக் கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் கைப்பேசியில் தேட முடியும். ‘பூந்தறி, கும்பகோணம்’ போதும். கடையை ஆங்கிலத்தில் தேடுகிறவர்களும் உண்டு என்பதால் ஆங்கில எழுத்தில் பெயரையும் சிறிதாகச் சேர்க்கலாம். இன்ஸ்டாகிராமில் எந்த எழுத்துக்கூட்டில் கடை இருக்கிறதோ அதே கூட்டலில். தொலைபேசி எண்ணும் கியூஆர் கட்டமும் வெளி முகத்துக்கு வேண்டாம். எண் மாறும், பை பல வருஷம் இருக்கும். கரடுமுரடான துணியில் சுருங்கியிருக்கும் கியூஆரைக் கைப்பேசி பல நேரம் படிக்காது. பைக்கு உள்ளே மேல் ஓரத்தில் ஒரு சிறு துணி லேபிளைத் தைத்து அதில் எண்ணைப் போடுங்கள். அது தேவைப்படுகிறவர் பையை வைத்திருக்கும் பெண்ணும் அவருடைய தோழியும்தான்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு மாலை நேரத்தைச் செலவழியுங்கள். வடிவத்தை உண்மை அளவில் காகிதத்தில் எடுத்து, வீட்டிலுள்ள ஒரு துணிப்பையில் ஒட்டி, உள்ளே இரண்டு புடவையும் ஒரு டப்பாவும் வைத்து, யாரையாவது தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் பதினைந்து அடி தள்ளி நில்லுங்கள். கடையைப் பற்றித் தெரியாத ஒருவரைப் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் எழுத்தைத் திருத்த வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது.

அச்சிடுபவரிடம் மூன்று விஷயம் பேச வேண்டும். தைத்த பையில் அடிக்காமல், வெட்டிய துணியில் அடித்துப் பிறகு தைக்கச் சொல்லுங்கள். தைத்த பையில் தையல் மேட்டால் மை சீராக விழாது. அடித்த பிறகு மையைச் சூட்டில் பதப்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். வெறுமனே காயவைத்த மை முதல் தண்ணீரிலோ வேர்வையிலோ வாடிக்கையாளரின் வெள்ளைக் குர்த்தியில் ஒட்டும். ஈரமான வெள்ளைத் துணியால் இருபது முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை வந்தால் வாங்காதீர்கள். மூன்றாவது, அதே துணியில், அதே மையில் ஒரு மாதிரிப் பை. அதைத் துவைத்து உலர்த்திய பிறகுதான் சம்மதம் சொல்ல வேண்டும். காடா சுருங்கும்; எவ்வளவு என்று அப்போது தெரியும்.

செலவு? இப்படிச் செய்த பை மலிவுப் பையைவிட இரண்டு மூன்று மடங்கு விலை கேட்கும். உதாரணத்துக்கு இது 60 ரூபாய், மலிவுப் பை 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மலிவுப் பை ஒருமுறை வீட்டுக்குப் போய் நின்றுவிட்டால் ஒரு பயணத்துக்கு 20 ரூபாய். இது முப்பது முறை வெளியே போனால் ஒரு பயணத்துக்கு 2 ரூபாய். எல்லா விற்பனைக்கும் இதைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பிளவுஸ் துண்டு வாங்குகிறவருக்குச் சாதாரணக் காகித உறை போதும். புடவைக்கும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்குகிறவர்களுக்கும் துணிப்பை. அப்படிச் செய்தால் 500 பை நீண்ட நாள் வரும், அதை வாங்கியவர்களும் மதிப்பார்கள்.

கடைசியாக ஒன்று. 2019-இல் சண்டிகரில் காலணி வாங்கிய ஒருவரிடம் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட காகிதப் பைக்கு 3 ரூபாய் வசூலித்தார்கள். அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். தன் பெயரைப் போட்ட பையை வாடிக்கையாளர் தலையில் காசுக்குக் கட்டுவது, அவரையே விளம்பரக்காரராகப் பயன்படுத்துவது என்று மன்றம் அந்த நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உங்கள் பெயரை அந்தப் பெண் வருஷக்கணக்கில் தோளில் சுமக்கப் போகிறார். பைக்கு அவரிடம் காசு கேட்காதீர்கள்.